நூறு மடங்கு தவறும் சதவீதக் கட்டம்

ஒரு சிறு கேள்வியோடு தொடங்குவோம். 5% என்பதும் 0.05 என்பதும் ஒரே எண்ணா, வெவ்வேறு எண்களா?

ஒரே எண்தான் என்று உடனே சொல்லிவிடுவீர்கள். சதவீதம் என்றால் நூற்றுக்கு இவ்வளவு என்று பொருள். நூற்றுக்கு ஐந்து என்பதைப் பின்னமாக எழுதினால் 5/100. தசமமாக எழுதினால் 0.05. தாளில் எழுதும்போது இதில் எந்தக் குழப்பமும் இல்லை. ஆனால் கணிப்பொறியில் எக்செல் போன்ற விரிதாளைத் திறந்து, சதவீதத்துக்கென்று ஒதுக்கிய கட்டத்தில் எண்ணைத் தட்டும்போது விந்தையான ஒன்று நேர்வதுண்டு. 5% வரவேண்டிய இடத்தில் 500% வந்து நிற்கும். வேறு சில சமயம் விடை நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பத்து மடங்கும் இல்லை, இருபது மடங்கும் இல்லை. தவறு எப்போதும் சரியாக நூறு மடங்கு. இந்த நூறு எங்கிருந்து வருகிறது? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

உள்ளே ஓர் எண், வெளியே ஒரு தோற்றம்

விரிதாளின் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு பக்கங்கள் உண்டு. உள்ளே சேமித்து வைத்திருக்கும் மதிப்பு ஒன்று. திரையில் நம் கண்ணுக்குக் காட்டும் தோற்றம் மற்றொன்று. கணக்குப் போடும்போது கணிப்பொறி உள்ளே இருக்கும் மதிப்பையே எடுத்துக்கொள்ளும். தோற்றத்தை அது பொருட்படுத்துவதில்லை.

ஒரு கட்டத்துக்கு Percentage என்ற வடிவமைப்பைக் கொடுத்தால் நடப்பது இதுதான்: உள்ளே உள்ள மதிப்பை 100-ஆல் பெருக்கி, பக்கத்தில் % குறியை இட்டுத் திரையில் காட்டும். உள்ளே 0.05 இருந்தால் வெளியே 5%. உள்ளே 5 இருந்தால் வெளியே 500%. இரண்டாவது விடையைக் கண்டு கணிப்பொறி பிழை செய்துவிட்டது என்று எண்ணக் கூடாது. ஐந்து என்ற முழு எண்ணைச் சதவீதமாக எழுதினால் அது 500% தான். நாம் 5 என்று தட்டியபோது மனத்தில் வைத்திருந்தது 'நூற்றுக்கு ஐந்து'. கட்டம் எடுத்துக்கொண்டதோ வெறும் ஐந்து.

உப்புக் கரைசல் கணக்கு

இதை ஓர் உண்மையான கணக்கில் வைத்துப் பார்ப்போம். மருத்துவமனைகளில் நரம்பு வழியாக ஏற்றும் உப்புக் கரைசலைப் பார்த்திருப்பீர்கள். அதன் செறிவு 0.9%. அதாவது 100 மில்லிலிட்டர் கரைசலில் 0.9 கிராம் சோடியம் குளோரைடு. குளுக்கோஸ் கரைசல் பெரும்பாலும் 5%. 100 மில்லிலிட்டரில் 5 கிராம்.

ஒவ்வொன்றிலும் 500 மில்லிலிட்டர் கரைசலுக்கு எவ்வளவு பொருள் வேண்டும்? குளுக்கோஸ் 25 கிராம், உப்பு 4.5 கிராம். மனக்கணக்கிலேயே சொல்லிவிடலாம். இப்போது இதையே விரிதாளில் அமைப்போம். B வரிசையில் செறிவு, C வரிசையில் கன அளவு, D வரிசையில் எடை. D2 கட்டத்தில் எழுத வேண்டிய சூத்திரம் இது:

```
=B2*C2
```

முதல் மாணவர், எந்த வடிவமைப்பும் இல்லாத, அதாவது General நிலையில் உள்ள கட்டங்களில் 5, 0.9 என்று தட்டுகிறார். பிறகு அந்த வரிசையைத் தேர்ந்து % பொத்தானை அழுத்துகிறார். திரையில் 500%, 90% என்று தோன்றுகின்றன. எடை வரிசையில் 2500 கிராம் குளுக்கோஸ், 450 கிராம் உப்பு என்று விடை வருகிறது. அரை லிட்டர் கரைசலுக்கு இரண்டரைக் கிலோ குளுக்கோஸ்! இந்தத் தவறு தானே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். உப்பும் அப்படியே. சாதாரண வெப்பநிலையில் 100 மில்லிலிட்டர் நீரில் ஏறத்தாழ 36 கிராம் உப்புதான் கரையும். 450 கிராமைக் கொட்டினால் பாதிக்கு மேல் கரையாமல் அடியில் தங்கிவிடும்.

இரண்டாம் மாணவர், கட்டங்களுக்கு முதலிலேயே Percentage வடிவமைப்பைக் கொடுத்துவிட்டுப் பிறகு தட்டுகிறார். இப்போது 5 என்று தட்டினால் 5% என்றே வருகிறது, உள்ளே 0.05 சேர்கிறது. ஒரே எண்ணைத் தட்டியும் முதல் மாணவருக்கு ஒரு விடை, இவருக்கு வேறு விடை. காரணம், எக்செலில் Enable automatic percent entry என்று ஓர் அமைப்பு இருக்கிறது. File, Options, Advanced என்ற வழியில் சென்றால் அதைக் காணலாம். வழக்கமாக அது இயங்கும் நிலையிலேயே இருக்கும். சதவீதக் கட்டத்தில் 5 என்று தட்டுபவர் 5% என்றுதான் கருதியிருப்பார் என்று அது ஊகித்துக்கொள்கிறது. அந்த அமைப்பை யாராவது அணைத்து வைத்திருந்தால், அதே கட்டத்தில் அதே 5 மீண்டும் 500% ஆகிவிடும்.

ஒன்றுக்குக் கீழே ஒரு பள்ளம்

இந்த ஊகம் 5-க்குச் சரி. 0.9-க்கு என்ன ஆகும்? இங்கேதான் சிக்கல். மைக்ரோசாஃப்ட் தரும் விளக்கப்படி, ஒன்றும் அதற்கு மேற்பட்ட எண்களும் அப்படியே சதவீதமாகக் கொள்ளப்படும்; ஒன்றுக்குக் குறைந்த எண்கள் 100-ஆல் பெருக்கப்படும். அதாவது 10 என்று தட்டினாலும் 10%, 0.1 என்று தட்டினாலும் 10%. தசமத்தில் தட்டுபவருக்கும் உதவட்டும் என்பது இதன் நோக்கம்.

ஆனால் இந்த விதியின்படி 1 என்று தட்டினால் 1%, அதைவிடச் சிறிய 0.9 என்று தட்டினால் 90%! சிறிய எண் பெரிய விடையைத் தருகிறது. நம் உப்புக் கரைசலின் செறிவு சரியாக இந்தப் பள்ளத்தில்தான் விழுகிறது. அரை சதவீத வட்டி, 0.2% அளவீட்டுப் பிழை போன்றவையும் இதே இடத்தில்தான் விழும்.

கட்டம் உங்கள் எண்ணை எப்படி எடுத்துக்கொள்ளப் போகிறது என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. தட்டும்போதே கட்டத்தினுள் எண்ணை அடுத்து % குறி தோன்றுகிறதா என்று பாருங்கள். தோன்றினால் 0.9 என்பது 0.9% ஆகவே பதியும். தோன்றாவிட்டால் 90% ஆகிவிடும்.

ஓசையில்லாத தவறு

மூன்றாம் மாணவர் எச்சரிக்கையானவர். செறிவை 0.9% என்று குறியோடு சேர்த்தே தட்டுகிறார். உள்ளே 0.009 சரியாகப் பதிகிறது. ஆனால் எடைக்கான சூத்திரத்தை வேதியியல் வகுப்பில் படித்தபடி எழுதிவிடுகிறார்:

```
=B2*C2/100
```

செறிவை 0.9 என்று எழுதிக் கணக்கிடும் தாளில் இந்தச் சூத்திரம் முற்றிலும் சரி. விரிதாளிலோ % குறி ஏற்கெனவே ஒருமுறை நூறால் வகுத்துவிட்டது. இப்போது இரண்டாம் முறையும் வகுபடுகிறது. விடை 0.045 கிராம், அதாவது 45 மில்லிகிராம்.

முந்தைய தவறு உரக்கக் கூவியது. இது வாய் திறப்பதில்லை. 45 மில்லிகிராம் உப்பு நீரில் நன்றாகக் கரையும். கரைசல் தெளிவாக, சரியான கரைசலைப் போலவே இருக்கும். ஆனால் இரத்தச் சிவப்பணுக்களை அதில் இட்டால் வேறுபாடு தெரிந்துவிடும். 0.9% கரைசலில் அவை தம் வடிவம் மாறாமல் இருக்கும். இந்த நீர்த்த கரைசலிலோ சவ்வூடு பரவலால் நீர் உள்ளே புகுந்து, அவை உப்பி வெடித்துவிடும். ஆகவே மிகையாக வரும் விடையைவிடக் குறைவாக வரும் விடையிடமே நாம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

இதே தவறு தலைகீழாகவும் வரும். 4.5 கிராம் உப்பை 500 மில்லிலிட்டரில் கரைத்தோம்; செறிவு எவ்வளவு என்று காண =4.5/500*100 என்று ஒரு சதவீதக் கட்டத்தில் எழுதினால் 90% என்று வரும். நூறால் பெருக்கும் வேலையை வடிவமைப்பே செய்துவிடுகிறது; நாமும் பெருக்கினால் இரட்டிப்பு வேலை. =4.5/500 என்பதே போதும்.

கண்டறிவதும் திருத்துவதும்

ஐயம் ஏற்பட்டால் அந்தக் கட்டத்தின் வடிவமைப்பைச் சற்று நேரம் General என்று மாற்றிப் பாருங்கள். முகமூடி கழன்று உள்ளே உள்ள மதிப்பு தெரியும். 0.009 என்று இருந்தால் சரி; 0.9 என்று இருந்தால் தவறு. மற்றொன்றையும் நினைவில் வையுங்கள். எக்செலில் % பொத்தானை அழுத்தினால் புள்ளிக்குப் பின் இலக்கங்கள் காட்டப்படுவதில்லை. எனவே சரியான 0.9% கூடத் திரையில் 1% என்று முழுமையாக்கப்பட்டே தெரியும், 0.009% என்பது 0% என்று தெரியும். புள்ளிக்குப் பின் இரண்டு, மூன்று இலக்கங்கள் தெரியும்படி செய்த பின்பே முடிவுக்கு வர வேண்டும்.

ஒரு வரிசை முழுவதும் நூறு மடங்கு மிகையாக இருந்தால் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியதில்லை. வெற்றுக் கட்டம் ஒன்றில் 100 என்று தட்டி அதை நகலெடுங்கள். தவறான கட்டங்களைத் தேர்ந்து, Paste Special சென்று Values, Divide என்ற இரண்டையும் தெரிவு செய்யுங்கள். எல்லாம் நூறால் வகுபட்டுவிடும். ஆனால் அந்த வரிசையில் சில எண்கள் முன்பே சரியாக இருந்தால், அவையும் நூறில் ஒரு பங்காகிவிடும். ஆகவே முதலில் General நிலையில் வரிசை முழுவதையும் பார்த்து, தவறானவற்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இவ்வளவு தொல்லையும் வராமலிருக்க வழி உண்டா? உண்டு. % குறியை நீங்களே தட்டிவிடுங்கள். General கட்டமானாலும், சதவீதக் கட்டமானாலும், தானியங்கி அமைப்பு இயங்கினாலும் இயங்காவிட்டாலும், 0.9% என்று தட்டினால் உள்ளே பதிவது 0.009 தான். கணிப்பொறி ஊகிப்பதற்கு இடமே இல்லை. % வேண்டாம் என்றால் வரிசையின் தலைப்பில் '100 மி.லி.க்கு எத்தனை கிராம்' என்று எழுதி, 0.9 என்ற எண்ணைச் சாதாரணக் கட்டத்தில் தட்டி, சூத்திரத்தில் 100-ஆல் வகுக்கலாம். இரண்டு முறைகளும் சரியே. இரண்டையும் கலப்பதுதான் தவறு. கணக்கு முழுவதிலும் அந்த 100 ஒரே ஓர் இடத்தில்தான் வர வேண்டும்.

செய்து பாருங்கள்

கடல் நீரின் எடையில் ஏறத்தாழ 3.5% உப்பு. 1000 கிராம் கடல் நீரில் 35 கிராம் உப்பு என்பது தாளில் போட்ட விடை. விரிதாளில் ஒரு கட்டத்தை General நிலையிலும் மற்றொன்றை Percentage நிலையிலும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் 3.5, 0.035, 3.5% என்ற மூன்றையும் ஒவ்வொன்றாகத் தட்டி, ஒவ்வொரு முறையும் 1000-ஆல் பெருக்கிப் பாருங்கள். Enter விசையை அழுத்துமுன் என்ன விடை வரும் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஆறு விடைகளில் எவை 35, எவை 3500, எவை 0.35 என்று உங்கள் கணிப்பொறியே சொல்லும்.