அரைவையில் ஒளிந்திருக்கும் காறல்

போன மாதம் நல்ல பீபெரி கொட்டை வாங்கி வந்தேன். வறுத்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. பொட்டலத்தைப் பிரித்தபோது கமகமத்த வாசனை, அரைத்த தூளில் பாதிகூட இல்லை. டிகாக்ஷனில் பழைய முறுக்கு டப்பாவைத் திறந்ததுபோல ஒரு சிக்கு வாடை. கடைக்காரர்மீது சந்தேகம் வந்தது. அவர்மீது பழி போடும் முன், அதே கொட்டையில் கொஞ்சத்தை இரும்பு உரலில் இடித்து முகர்ந்தேன். வாசனை குறையில்லாமல் இருந்தது. கோளாறு என் கிரைண்டரில்.

காபிக் கொட்டையின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய். நம் ஃபில்டர் காபிக்குப் பிடித்தபடி கறுக்க வறுத்தால் கொட்டையின் உள்ளறைகள் உடைந்து அந்த எண்ணெய் மேலே கசிந்துவிடும். மின்னும் கொட்டை என்று நாம் ரசிப்பது அதைத்தான். கிரைண்டருக்குள் கொட்டையை நொறுக்குபவை ‘பர்’ எனப்படும், பல் வெட்டிய இரண்டு எஃகு வளையங்கள். எண்ணெய் அவற்றின் பல்லிடுக்கில் பூசிக்கொள்ள, மெல்லிய தூள் அதில் ஒட்டிப் பசையாகிறது. காற்றின் ஆக்சிஜன் பட்டு அந்த எண்ணெய் காறிப்போகும். சூடு அதை விரைவுபடுத்தும். பிறகு புதுக்கொட்டை இந்தப் பசையை உரசிக்கொண்டுதான் வெளியே வருகிறது. காலையில் முதலில் விழும் தூளில் முந்தின நாள் தங்கியதும் கலந்திருக்கும். இருபது கிராம் தூளில் இரண்டு கிராம் பழையது என்றாலே பத்தில் ஒரு பங்கு. தினமும் துளித்துளியாகக் கூடுவதால் நாக்கு பழகிவிடுகிறது, காரணம் தெரிவதில்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மேலே இருக்கும் கொட்டைக் கிண்ணத்தை எடுத்தேன். வளையம் எந்த எண்ணில் நின்றது என்று குறித்துக்கொண்டு, அதைத் திருகி மேல் பரைக் கழற்றினேன். பல்லிடுக்கில் கருந்தவிட்டு நிறத்தில் ஒரு படலம். நகத்தால் சுரண்டினால் மெழுகுபோல வந்தது. கெட்டியான, உலர்ந்த பிரஷ்ஷால் பல்பல்லாகத் தேய்த்து, தூள் விழும் குழாயைப் பல்குத்தும் குச்சியால் நெருடி, மெல்லிய துணியால் துடைத்தேன். மரையிலும் பர் உட்காரும் தட்டிலும் தூள் இருக்கக்கூடாது. இருந்தால் பர் சாய்ந்து உட்கார்ந்து, அரைவை ஒருபக்கம் நறநறவென்றும் ஒருபக்கம் மாவாகவும் வரும். இந்த இடத்தை அவசரப்படாமல் செய்ய வேண்டும்.

எஃகுப் பரைத் தண்ணீரில் கழுவக்கூடாது, துருப்பிடித்துவிடும். பீங்கான் பர் என்றால் கழுவலாம், ஈரம் துளியும் இல்லாமல் காய வேண்டும். பச்சரிசியைப் போட்டு அரைத்தால் சுத்தமாகும் என்பார்கள். வேண்டாம், வறுத்த கொட்டையைவிட அரிசி கடினம், சிறு மோட்டார் திணறும்.

மாட்டியபின் பழைய கொட்டை ஒரு கைப்பிடி அரைத்துக் கொட்டிவிட்டு, பீபெரியைப் போட்டேன். உரலில் வந்த அதே வாசனை. இப்போது கறுக்க வறுத்தது வாங்கினால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இளவறுப்பு என்றால் மாதம் ஒருமுறை கழற்றுகிறேன். இடையில், கிண்ணம் காலியாகும்போது உள்ளே மூக்கை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.