கைக்குள் ஒரு கடை – 9: ஸ்டேட்டஸுக்குத் தனி வாசகம்

சுங்குடிப் புடவை விற்கும் ஒரு சின்னக் கடையை எடுத்துக்கொள்வோம். இன்ஸ்டாகிராமில் போட்ட வாசகம் இது: ‘மதுரைக்குப் பேர் வாங்கித் தந்த சுங்குடி! கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த பருத்தி. கோடைக்கு இதம். இன்று மட்டும் சலுகை, விலைக்கு டிஎம் பண்ணுங்க!’ இதோடு எட்டு ஹேஷ்டேக்.

இதையே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒட்டினால் வீண். அங்கே ஒரு படம் சில விநாடிதான் நிற்கும். நீண்ட வாசகத்தின் பின்பாதி மறைந்திருக்கும். அதைத் தட்டித் திறந்து படிக்க யாருக்குப் பொறுமை? ஹேஷ்டேக்கைப் பிடித்துப் புது ஆள் வரவும் வழியில்லை. பார்ப்பவர்கள் உங்கள் எண்ணைப் பதிந்து வைத்திருப்பவர்கள். அவர்கள் எண் உங்களிடமும் இருக்கிறது. சுங்குடியின் பெருமையை அவர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. விலையை மறைத்தால்தான் கடுப்பாவார்கள்.

மாற்றி எழுதியது:

‘சுங்குடி ₹950. நாலு புடவைதான்.
வேண்டுமானால் புடவை எண்ணை அனுப்புங்க (பச்சை 2).
சனி இரவு 8 மணி வரை.’

‘இன்று மட்டும்’ ஏன் போனது? வெள்ளி இரவு 9 மணிக்குப் போட்டது சனி இரவு 9 வரை ஓடும். சனிக்கிழமை காலை காபியோடு பார்ப்பவருக்கு ‘இன்று’ என்றால் சனிதான். வெள்ளியோடு சலுகை முடிந்தது என்று நீங்கள் சொன்னால் சண்டைதான் வரும். அதனால் கிழமையும் மணியும் எழுத வேண்டும். சலுகை முடிந்த பிறகும் ஸ்டேட்டஸ் இன்னும் ஒரு மணி நேரம் நிற்கும் என்பதால், 8 மணிக்கு நீங்களே அழித்துவிடுங்கள். நாலாவது புடவை மதியமே போய்விட்டால் அப்போதே.

அடுத்தது புடவை எண். ஸ்டேட்டஸுக்குப் பதில் போட்டால் அரட்டையில் சின்னப் படம் ஒட்டிக்கொண்டு வரும். ஸ்டேட்டஸ் மறைந்தபின் அதைத் தட்டினால் திறக்காது. ‘இது இருக்கா?’ என்று மட்டும் கேட்டிருந்தால், ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்ல உட்காரும் கடைக்காரர் எந்தப் பச்சை என்று முழிப்பார். ‘பச்சை 2’ என்று எழுதி வந்தால் அந்தக் குழப்பமில்லை. எண்ணைப் படத்தின் மேல்பாதியில் எழுதுங்கள். அடிப்பகுதியில் வாசகம் ஏறி உட்கார்ந்துகொள்ளும். முந்தானையையும் அங்கே வைக்காதீர்கள்.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கை ரொம்ப நம்ப வேண்டாம். நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர்கள் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். எத்தனை ‘பச்சை 2’ வந்தது என்று எண்ணுவது உருப்படியானது.

முகவரி, மாற்றித் தரும் விதி, அளவு எல்லாம் ஒரு நாளில் மறையக் கூடாதவை. பிசினஸ் செயலியின் புரொஃபைலிலும் கேட்டலாக்கிலும் வையுங்கள். ‘சாயம் போகுமா?’ என்ற கேள்வி எப்படியும் வரும். முதல் தடவை தனியாக, உப்புத் தண்ணீரில் அலசச் சொல்லும் பதிலைக் குவிக் ரிப்ளையில் எழுதி வைத்துவிட்டால், சட்டென்று அனுப்பிவிடலாம்.