மருந்துப் பெயருக்கு வால் எவ்வளவு நீளம்?

ரத்த அழுத்த மாத்திரை அட்டையில் கம்பெனி வைத்த பெயர் பளிச்சென்று இருக்கும். மருந்தின் பொதுப்பெயரும் கூடவே இருக்கும். டெல்மிசார்டான், லோசார்டான், வல்சார்டான் என்று அங்கே வரும் பெயர்களை மருந்தியல் மாணவர்கள் ஒவ்வொன்றாக உருப்போடுவதில்லை. ‘சார்டான்’ என்று நோட்டில் ஒரு வரி, பக்கத்தில் ‘ஆஞ்சியோடென்சின் ஏற்பியைத் தடுப்பவை’. ஒரு குடும்பம் முடிந்தது.

இந்த ஒற்றுமை திட்டமிட்டு வந்தது. மருந்துகளுக்கு உலகப் பொதுப்பெயர் வைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1950இல் தொடங்கி, 1953இல் முதல் பட்டியலை வெளியிட்டது. ஒரே விதமாக வேலை செய்யும் மருந்துகளுக்குப் பொதுவான ஒரு துண்டை அது ஒதுக்குகிறது. பெரும்பாலும் அது வாலில் நிற்கும். வணிகப் பெயருக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆகவே அதை வைத்து வகையை ஊகிக்கப் பார்ப்பது வீண்.

அட்டவணை போடும்போது மாணவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: வாலைக் குட்டையாக வெட்டிவிடுவது. ‘அசோல்’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் என்ன ஆகும்? அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோல், பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோல், அமீபாவுக்கான மெட்ரோனிடசோல், குடற்புழுவுக்கான அல்பெண்டசோல் நான்கும் ஒரே கூடையில் விழுந்துவிடும். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வேலையில் ஒட்டே இல்லை. கொஞ்சம் முன்னால் போய் வெட்டினால் தனித்தனியாகப் பிரியும்: ப்ரசோல், கோனசோல், நிடசோல், பெண்டசோல்.

அதற்குப் பிறகும் ஒன்று ஏமாற்றும். மனச்சிதைவுக்குக் கொடுக்கும் அரிபிப்ரசோல் ‘ப்ரசோல்’ என்றுதான் முடிகிறது. அதை அமில மருந்தென்று எழுதினால் மார்க் போகும். அதன் சரியான வால் ‘பிப்ரசோல்’. எனவே அட்டவணையில் நீளமான வாலை மேலே எழுதி, மேலிருந்து கீழாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். ‘பிப்ரசோல்’ பொருந்தாத பெயருக்கு மட்டுமே ‘ப்ரசோல்’ வரி.

ஸ்டாட்டின் கதையும் இதேதான். கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் இரண்டிலும் வால் ‘வாஸ்டாட்டின்’. நிஸ்டாட்டினோ பூஞ்சை மருந்து. கண்டுபிடிக்கப்பட்ட நியூயார்க் மாநிலத்தின் பெயரைத்தான் அது சுமக்கிறது.

எவ்வளவு நீளமாக வெட்டினாலும் சரிப்படாத வரிகளும் உண்டு. ‘மைசின்’ என்பது மருந்து செய்யும் வேலையைச் சொல்வதில்லை; ஸ்ட்ரெப்டோமைசஸ் என்ற மண் பாக்டீரியா வகையோடு உள்ள உறவைத்தான் சொல்கிறது. காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின், தொண்டைத் தொற்றுக்கும் கொடுக்கப்படும் எரித்ரோமைசின், புற்றுநோய்க்கான ப்ளியோமைசின் மூன்றும் அங்கே வரிசையில் நிற்கின்றன. அந்த வரியில் ‘வகை’ என்ற கட்டத்தைக் காலியாக விட்டு, ‘மூலம்’ என்று இன்னொரு கட்டம் சேர்ப்பதே நேர்மை. ஆஸ்பிரின், டிகாக்சின் போன்ற பழைய பெயர்களை இந்த அட்டவணைக்குள் திணிக்காமல், வழக்கம்போல உருப்போட்டுவிடலாம்.