உழைப்பும் நேரமும் – 14: மாத இருப்பும் மைய நேரமும்

1967-இல், மியூனிக் நகரை அடுத்த ஒட்டோபுருனில் இயங்கிய போல்கோ விமான நிறுவனம், ஊழியர் அனைவரும் ஒரே வேளையில் வாயிலில் குவிவதால் ஏற்பட்ட நெரிசலைத் தவிர்க்க நெகிழ்வு நேர முறையைக் கைக்கொண்டது. இம்முறையில் எல்லோரும் கட்டாயம் பணியில் இருக்கவேண்டிய பொழுது மைய நேரம் எனப்படும். அதன் முன்னும் பின்னும் உள்ள பொழுதை ஊழியரே தெரிவு செய்கிறார். இலங்கையில் 2018-இல் பத்தரமுல்லை அரச அலுவலகங்களில் இது முன்னோடித் திட்டமாகத் தொடங்கியபோதும் நோக்கம் வீதி நெரிசலே. ஆனால் ஒரு நாளின் மிகுதியையும் குறையையும் மாதம் முழுவதும் கூட்டிக் கழித்து, எஞ்சியதை அடுத்த மாதத்துக்கு எடுத்துச் செல்வது வேறொரு படி. இலங்கையின் தனியார் அலுவலகம் இதைச் செய்ய முனைந்தால், முதலில் எதிர்ப்படுவது சட்டமே.

1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம், சாதாரண வேலை நேரத்தை நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என வரையறுக்கிறது. அதற்கு மேற்பட்டது மேலதிக நேரமாகி, ஒன்றரை மடங்கு வேதனத்துக்கு உரியதாகிறது. எனவே இன்று பத்து மணித்தியாலம் உழைத்து நாளை ஆறுடன் வீடு திரும்பலாம் என்ற ஐரோப்பியக் கணக்கை இங்கே அப்படியே எடுத்தாள இயலாது. சட்டம் இடம் தருவது, ஒப்பந்த நேரத்துக்கும் எட்டு மணித்தியாலத்துக்கும் இடைப்பட்ட சிறு வெளியை மட்டுமே.

மாத்தளை நகரில், கிழமைக்கு ஐந்து நாள் இயங்கும் கணக்காய்வு அலுவலகமொன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். ரத்தோட்டையிலிருந்தும் உக்குவளையிலிருந்தும் நாவுலையிலிருந்தும் பஸ்ஸில் வரும் ஊழியரின் ஒப்பந்த நேரம், ஒரு மணித்தியால மதிய இடைவேளை நீங்கலாக, நாளுக்கு 7 மணி 30 நிமிடம். ஆகவே ஒருவர் நாளொன்றில் அதிகபட்சம் 30 நிமிடமே மிகையாகச் சேர்க்கலாம். மைய நேரத்தைக் காலை 9.30 முதல் பிற்பகல் 3.00 வரை என வைத்தால், அதை மட்டும் நிறைவேற்றுபவர் இடைவேளை போக நாலரை மணித்தியாலமே பணியாற்றுவார். அன்று விழும் மூன்று மணித்தியாலக் குறையை ஈடுகட்ட அவருக்கு ஆறு நாள் தேவைப்படும். மையத்தை 9.00 முதல் 3.30 வரை அகலப்படுத்தினால் குறை இரண்டு மணித்தியாலமாகச் சுருங்கி, நான்கு நாளில் அடைபடும். பஸ் வருகையும் வாடிக்கையாளர் வரும் வேளையும் மையத்தைத் தீர்மானிக்கும் என்றே பலரும் எண்ணுவர். இங்கே அதைவிட, குறை எத்தனை நாளில் அடைபடும் என்ற கேள்விக்கே முதலிடம் தரவேண்டும்.

மாதக் கணக்கு அம்மாதம் ஆற்றவேண்டிய நேரத்திலிருந்து தொடங்குகிறது. 21 வேலை நாட்களில் ஒன்று போயா விடுமுறையாயின் எஞ்சுவது 20 நாள், அதாவது 150 மணித்தியாலம். போயா சனி, ஞாயிறில் விழுந்தால் எதையும் கழிக்கலாகாது. ஓர் ஊழியர் 145 மணி 50 நிமிடம் பணியாற்றி, ஒரு நாள் லீவும் எடுத்திருந்தால், லீவுக்குரிய 7 மணி 30 நிமிடத்தைச் சேர்க்க 153 மணி 20 நிமிடம் வரும். முன்மாத மிகை 4 மணி 10 நிமிடமாயின், இம்மாத மிகையான 3 மணி 20 நிமிடத்துடன் இருப்பு 7 மணி 30 நிமிடமாகும். எடுத்துச் செல்லும் உச்சம் 7 மணித்தியாலம் என்று விதியிருந்தால், அரை மணித்தியாலம் அற்றுப்போகும். மாத முடிவுக்குப் பின்னரே இதை அறிவிப்பது நியாயமன்று, ஏனெனில் முன்பே தெரிந்திருந்தால் அவர் ஒரு நாள் சற்று முன்னதாகப் புறப்பட்டிருப்பார்.

விரிதாளில் இவற்றை நிமிடமாக மாற்றி எழுதுவதே பாதுகாப்பானது. 7 மணி 30 நிமிடத்தை 7.30 எனத் தசமமாக இட்டால், 20 நாளுக்கு 150-க்குப் பதில் 146 வரும். எல்லா ஊழியருக்கும் ஒரே மாதத்தில் நான்கு மணித்தியாலம் மிகை தோன்றுவது இப்பிழையின் அடையாளம். முன்மீதி B2-இலும், லீவு சேர்ந்த பணிநேரம் C2-இலும், ஆற்றவேண்டிய நேரம் D2-இலும் நிமிடமாக இருப்பின், சூத்திரம் இவ்வளவே:

```
=MIN(420, B2 + C2 - D2)
```

250 + 9200 − 9000 என்பது 450. அது 420-இல் நின்றுவிடும். குறைக்கும் இதேபோல் MAX கொண்டு எல்லை கட்டும் பழக்கம் உண்டு; அது கடனைத் தள்ளுபடி செய்யும் தவறு. மிகையின் உச்சம் நேரத்தை வெட்டலாம். குறையோ முழுமையாகவே அடுத்த மாதத்துக்குச் செல்லவேண்டும். அது ஐந்து மணித்தியாலம் போன்ற எச்சரிக்கை எல்லையைத் தாண்டுமாயின், ஊழியரின் உடன்பாட்டுடன் அரை நாள் லீவாக அதை மாற்றுவதா, அடைக்கும் நாட்களைக் குறித்துக்கொள்வதா என்று பேசி முடிவெடுக்க வேண்டியது மேற்பார்வையாளரின் பொறுப்பு. அதை விரிதாளிடம் விட்டுவிட முடியாது.