வங்கி வட்டியும் வரி அறிவித்தலும்

திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடையே, கடலை ஒட்டிக் கிடக்கும் கோமாரியில் மளிகைக் கடை நடத்தும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். ஒருநாள் தபாற்காரர் அவரிடம் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் கடிதம் ஒன்றைக் கொடுக்கிறார். 2023 ஏப்ரல் முதலாந் திகதியிலிருந்து 2024 மார்ச் 31 வரையான மதிப்பாண்டிற்கு அவர் காட்டிய வட்டி வருமானம் 2,00,000 ரூபா. வங்கிகள் அறிவித்ததோ 5,00,000 ரூபா. எஞ்சிய மூன்று இலட்சத்துக்கும் விளக்கம் தருக என்பது கடிதத்தின் சாரம்.

இத்தகைய கடிதத்தைக் கண்டவுடன் மனிதர் இரண்டு வழிகளில் ஒன்றிற் போய்விடுகின்றனர். சிலர் அதை மடித்து அலுமாரியில் வைத்துவிடுவர். வேறு சிலர் அஞ்சி, “முழுவதும் என் பிழையே” என்று எழுதிக் கொடுத்துவிடுவர். இரண்டாவது வழி பணிவுபோலத் தோன்றினும், வீண் செலவில் முடிவது அதுவே.

திணைக்களத்துக்கு இத்தொகை எவ்வாறு தெரிந்தது? 2023 சனவரி முதல் வங்கிகள் வட்டியிலிருந்து நூற்றுக்கு ஐந்து வீதம் முற்பண வருமான வரியைப் பிடித்துத் திணைக்களத்துக்குச் செலுத்தி வந்தன. 2025 ஏப்ரல் முதல் அவ்வீதம் பத்தாயிற்று. யாருடைய வட்டியிற் பிடிக்கப்பட்டது என்னும் விவரமும் பணத்தோடு சேர்ந்து செல்கிறது. வங்கி எழுதுவது வரி பிடிப்பதற்கு முந்திய முழுத் தொகை. வைப்பாளர் தம் சேமிப்புப் புத்தகத்திற் காண்பது பிடித்தபின் எஞ்சிய தொகை. வேறுபாடுகளுட் பல இங்கேதான் பிறக்கின்றன.

ஆகவே, பதில் எழுத உட்காருமுன் வங்கிக்குச் செல்லுதல் வேண்டும். ஒவ்வொரு நிலையான வைப்புக்கும் வைப்பிலக்கம், வைப்பாளர் அனைவரின் பெயர்கள், வட்டி வரவு வைக்கப்பட்ட திகதி, முழு வட்டி, பிடித்த வரி ஆகிய ஐந்தும் தெரியுமாறு கடிதமும், வரி பிடித்தமைக்கான சான்றிதழும் கேட்டு வாங்குதல் நன்று. “இவ்வளவு வட்டி கொடுத்தோம்” என்னும் ஒற்றை வரிக் கடிதம் போதாது.

கோமாரிக் கடைக்காரர் அவ்வாறு வாங்கிப் பார்த்தபோது மூன்று வைப்புகள் தெரியவந்தன எனக் கொள்வோம். முதலாவது அவர் பெயரில் மட்டும் உள்ளது. அதன் முழு வட்டி 2,00,000. பிடித்த வரி 10,000. கைக்கு வந்தது 1,90,000. அவர் காட்டியதும் கைக்கு வந்த தொகையே. இது அவர் பிழை. முழு வட்டியைக் காட்டி, பிடித்த வரியைச் செலுத்திய வரியாகக் கழித்தல்தான் முறை.

இரண்டாவது, மனைவியுடன் சேர்ந்து வைத்த கூட்டு வைப்பு. அதன் வட்டி 2,40,000. வங்கியின் ஏட்டிற் கணவர் பெயர் முதலாவதாக இருந்தமையால் முழுத்தொகையும் அவர் அடையாள இலக்கத்தின்கீழ் அனுப்பப்பட்டுவிட்டது. அவரோ அது மனைவியின் சீட்டுப் பணம் என்று நினைத்து, தமது விபரத்திரட்டில் ஒன்றுமே காட்டவில்லை. இங்கே இரு பக்கமும் பிழை. கூட்டு முதலீட்டின் வருமானம் அவரவர் உரிமைப் பங்கின்படி பிரிக்கப்படும்; பங்கு இன்னதென்று துணிய முடியாவிடிற் சமமாகப் பிரியும். எனவே அவர் ஏற்கவேண்டியது 1,20,000. மற்றைய 1,20,000 மனைவியுடையது. பணம் முழுவதும் மனைவியினதே என்று கூற விரும்பினால், வைப்புக்குரிய பணம் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பத்திரச் சான்று வேண்டும், வாய்ச்சொல் நில்லாது.

மூன்றாவது சற்று நுட்பமானது. ஓராண்டு வைப்பு, முதிர்ந்தது 2023 யூன் மாதத்தில், வட்டி 60,000 ரூபாவும் முதிர்வின்போது ஒருங்கே வந்தது. கடைக்காரர் மாதக் கணக்குப் போட்டுப் பத்து மாதத்துக்குரிய 50,000 ரூபாவை முந்திய ஆண்டிலும், எஞ்சிய 10,000 ரூபாவை இவ்வாண்டிலும் காட்டினார். வியாபாரக் கணக்குப் பழகிய கைக்கு இது இயல்பாகவே தோன்றும். ஆயினும் தனிமனிதரின் முதலீட்டு வருமானம் பணம் கிடைத்த ஆண்டிலே கணிக்கப்படுவது. ஆகையால் 60,000 முழுவதும் இவ்வாண்டினதே. முன்னர் காட்டிய 50,000 ரூபாவுக்கு அவ்வாண்டின் விபரத்திரட்டைத் திருத்துமாறு காலங்கடவாமல் தனியே விண்ணப்பிக்க வேண்டும். வட்டியைக் கையில் எடுக்காமல் வைப்போடு சேர்த்துவிட்டேன் என்பதும் விடையாகாது; எடுக்கக்கூடியதாக வரவு வைக்கப்பட்டாற் கிடைத்ததாகவே கொள்ளப்படும்.

இனிக் கூட்டிப் பார்க்கலாம். சரியான வட்டி 2,00,000, 1,20,000, 60,000 ஆக 3,80,000 ரூபா. கடை இலாபம் 15,00,000. இரண்டும் சேர 18,80,000. அவ்வாண்டின் தனிநபர் நிவாரணம் 12,00,000 நீங்க, வரிக்குரியது 6,80,000. முதல் ஐந்து இலட்சத்துக்கு ஆறு வீதப்படி 30,000; மேலுள்ள 1,80,000 ரூபாவுக்குப் பன்னிரண்டு வீதப்படி 21,600; ஆக 51,600 ரூபா வரி. வங்கிகள் பிடித்ததில் அவருக்குரிய பங்கு 10,000, 6,000, 3,000 என 19,000. அதைக் கழித்தால் 32,600. முன்னரே அவர் செலுத்தியது 30,000. மிகுதி 2,600 ரூபாவும், தாமதத்துக்கான வட்டியும், தண்டம் விதிக்கப்படின் அதுவுமே.

அஞ்சி முழுவதையும் ஏற்றிருந்தால்? வரிக்குரிய வருமானம் 8,00,000 ஆகி, வரி 66,000 ஆகும். சான்றிதழ் இணைக்காமையாற் கழிவும் கிடையாது. இன்னும் 36,000 ரூபா கட்ட நேர்ந்திருக்கும்.

பதிற் கடிதம் நீளமாக இருக்கவேண்டியதில்லை. தலைப்பில் வரி செலுத்துநர் அடையாள இலக்கம், அறிவித்தலின் இலக்கமும் திகதியும், மதிப்பாண்டு ஆகியவை. அடுத்து ஒரு சிறு அட்டவணை: ஒவ்வொரு வைப்புக்கும் வங்கி அறிவித்த தொகை, தாம் காட்டிய தொகை, சரியான தொகை, வேறுபாட்டின் காரணம். ஏற்பதை ஏற்கிறேன் என்றும், மறுப்பதை இன்ன சான்றுப்படி மறுக்கிறேன் என்றும் வெளிப்படையாக எழுதுதல் வேண்டும். குடும்பக் கஷ்டங்களை எழுதுவோர் பலர். அட்டவணையில் அவற்றுக்கு இடமில்லை. குறித்த தவணைக்குள் வங்கிக் கடிதம் கிடையாதெனின், தவணை முடியுமுன்னரே எழுத்தில் அவகாசம் கேட்டல் தகும். கையிற் கொடுப்பவர் பிரதியில் திகதி முத்திரை பெறுதலும், தபாலில் அனுப்புபவர் பதிவுத் தபாற் சீட்டைப் பேணுதலும் அவசியம்.

கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கங்களில் வட்டியைத் தவிர்த்து முதாரபா முறையில் வைப்புச் செய்வோர் மிகுதி. அவ்வைப்பின் இலாபப் பங்கிலிருந்தும் முற்பண வரி பிடிக்கப்படுகிறது, விவரமும் அனுப்பப்படுகிறது. வட்டி அன்று என்பதனால் விபரத்திரட்டில் விட்டுவிட்டால், அதே வேறுபாடு அங்கும் தோன்றும்.

வந்த கடிதம் விளக்கம் கேட்கும் கடிதமா, வரிமதிப்பீட்டு அறிவித்தலா என்பதையும் ஊன்றிப் படித்தல் வேண்டும். முன்னதற்குப் பதிற் கடிதம் போதும். பின்னதாயின் வரி நிர்ணயமாகிவிட்டது; முப்பது நாளுக்குள் ஆணையாளர் நாயகத்திடம் நிர்வாக மீளாய்வு கோரி, காரணங்களை எழுத்தில் விரித்துரைக்க வேண்டும். அதிலும் திருப்தியில்லையேல் வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு இருக்கிறது. விளக்கக் கடிதத்துக்குப் பதில் அனுப்பாதவருக்கு அடுத்து வருவது பெரும்பாலும் இந்த மதிப்பீடே.

கடைக்காரரின் மனைவியிடம் ஒரு சொல் மிஞ்சியிருக்கிறது. அவருக்கு வேறு வருமானமில்லை. 1,20,000 ரூபா நிவாரண எல்லைக்கு மிகக் கீழே. அவர் பங்கிலிருந்து பிடித்த 6,000 ரூபாவை, தம் பெயரில் அடையாள இலக்கம் பெற்று, விபரத்திரட்டுச் சமர்ப்பித்து அவர் மீளக் கோரலாம்.