டெல்டா எங்கே முடிகிறது?

2020 பிப்ரவரி 9 அன்று, சேலம் மாவட்டம் தலைவாசலில் நடந்த விழாவில், காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கப் போவதாக அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சொன்னார். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினத்தோடு கடலூர், புதுக்கோட்டை, திருச்சி, அரியலூர், கரூர் பெயர்களும் அதில் இருந்தன. பதினோரு நாள் கழித்துச் சட்டமன்றத்தில் நிறைவேறிய மசோதாவில் திருச்சியும் அரியலூரும் கரூரும் இல்லை. தஞ்சை, திருவாரூர், நாகை முழுதாக இருந்தன. கடலூரிலும் புதுக்கோட்டையிலும் ஐந்தைந்து ஒன்றியங்கள் மட்டும் இருந்தன. மற்ற ஊர்க்காரர்கள் கேட்டார்கள்: நாங்கள் டெல்டா இல்லையா?

அரசியல் ரீதியாக இதற்கு ஆயிரம் பதில் உண்டு. புவியியல் படித்தவரிடம் கேட்டால், முதலில் அவர் ஒரு எதிர்க்கேள்வி போடுவார்: எந்த டெல்டாவைக் கேட்கிறீர்கள்? ஒரு நிலப்பரப்பைத் தனி மண்டலமாகப் பிரிக்க அவர்களிடம் மூன்று வழிகள் இருக்கின்றன. உள்ளே எங்கு போனாலும் ஒரே இயல்பு தென்படுகிறதா என்று பார்ப்பது ஒன்று. ஒரு மையத்திலிருந்து எதுவரைக்கும் தண்ணீரோ, பஸ்ஸோ, சரக்கோ போய்ச் சேர்கிறது என்று பார்ப்பது இன்னொன்று. அங்கே வாழ்பவர்கள் எதுவரை ‘நம்ம பக்கம்’ என்று நினைக்கிறார்கள் என்று பார்ப்பது மூன்றாவது. பாடப்புத்தகங்கள் இவற்றை ஒத்த இயல்பு மண்டலம், செயல்பாட்டு மண்டலம், மன மண்டலம் என்கிற மாதிரிப் பெயர்களில் தனித்தனி அத்தியாயமாகப் போடும். காவிரி டெல்டாவில் மூன்றும் ஒரே பெயரில், ஒரே தரையில், ஒன்றோடொன்று பொருந்தாமல் கிடக்கின்றன.

மண்ணிலிருந்து தொடங்கலாம். டெல்டா என்றால் ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல். கோடு போட வேண்டியவர் செய்கிற வேலை இதுதான்: ஓர் அளவுகோலைத் தேர்ந்துகொள்வது, இடத்துக்கு இடம் அதை அளப்பது, எந்த அளவுக்கு மேல் இருந்தால் உள்ளே சேர்ப்பது என்று ஒரு வரம்பு வைப்பது. அளவுகோல் வண்டல் மண் என்றால், கும்பகோணத்தையும் மன்னார்குடியையும் பற்றிச் சந்தேகமே வராது. சிக்கல் தெற்கே போகும்போது வருகிறது. தஞ்சாவூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வல்லத்துக்குப் போனால் தரை மேடாகி, மண் சிவந்து, சரளைக்கல் தென்படும். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் பெரும்பாலும் செம்மண்ணும் மணல் கலந்த நிலமும்தான். அங்கே கண்ணில் படுவது நெல்லை விடத் தென்னை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது அந்த ஊர்கள் அழுததும் விழுந்த தென்னைகளைப் பார்த்துத்தான்.

கிழக்கே வேதாரண்யத்துக்குப் போனால் கதை வேறு. மணல் மேடு, மாந்தோப்பு, உப்பளம், அதற்கப்பால் சதுப்பு. நெல் வயலை மட்டும் டெல்டாவின் அடையாளமாக வைத்தால் இதன் பெரும்பகுதி வெளியே போய்விடும். ஆனால் நாகை மாவட்டத்தின் மொத்தச் சராசரியை எடுத்துப் பார்ப்பவருக்கு உப்பளம் தெரியவே தெரியாது. வடக்கேயுள்ள வயல்கள் அதை மூடிவிடும். ஒத்த இயல்பைத் தேடுவோர் அடிக்கடி விழுகிற குழி இது. கணக்கெடுத்த கட்டம் பெரிதாக இருந்தால், இல்லாத ஒற்றுமை இருப்பதாகத் தெரியும். கட்டத்தைச் சின்னதாக்கினால் எல்லை வேறெங்கோ போய் நிற்கும். முடிவில் சந்தேகம் வந்தால் மாவட்டக் கணக்கை விட்டு ஒன்றியக் கணக்கு, அதையும் விட்டுக் கிராமக் கணக்கு என்று இறங்கிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கோடு நகர்ந்தால், அந்தக் கோடு நிலத்தைக் காட்டவில்லை, கட்டத்தைத்தான் காட்டுகிறது.

மண்ணைக் கேட்டால் பட்டுக்கோட்டை டெல்டாவில் சேராது. தண்ணீரைக் கேட்டால் கட்டாயம் சேரும்.

மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வரும். அங்கே மதகுகள் நீரைப் பங்கு போடுகின்றன: காவிரிக்கு, வெண்ணாற்றுக்கு, கல்லணைக் கால்வாய்க்கு. வெள்ளம் மிஞ்சினால் கொள்ளிடத்துக்கு. காவிரியும் வெண்ணாறும் கிளை கிளையாகப் பிரிந்து போகிற பரப்பு பழைய டெல்டா. கல்லணைக் கால்வாய் அப்படியல்ல, 1934-இல் முடிந்த மேட்டூர்த் திட்டத்தோடு வந்த வெட்டாறு. ஊர்க்காரர்களுக்கு இன்றைக்கும் அது ‘புது ஆறு’தான். ஆற்று நீரையே கண்டிராத செம்மண் மேட்டுக்கு, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியாகப் புதுக்கோட்டை மாவட்டத்தின் அறந்தாங்கிப் பக்கம் வரைக்கும், அது காவிரியைக் கொண்டுபோனது. ஆறு பல்லாயிரம் ஆண்டுகளில் உண்டாக்காத டெல்டாவைப் பொதுப்பணித் துறை சில ஆண்டுகளில் உண்டாக்கிவிட்டது. செயல்பாட்டு மண்டலம் என்றால் என்ன என்பதற்கு இதை விடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தெரியாது. உள்ளே இருக்கும் ஊர்கள் ஒன்றைப் போல ஒன்று இருக்க வேண்டியதில்லை. எல்லாம் ஒரே மதகை நம்பி இருந்தால் போதும்.

அதனால் இந்த மண்டலத்துக்கு மேல் கீழ் உண்டு. தலைமடைக்காரர் நாற்று விட்டு முடித்திருப்பார், கடைமடைக்காரர் வாய்க்காலில் இன்னும் செடியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீர் குறைந்த வருஷத்தில் முறை வைத்து விடுவார்கள், இத்தனை நாள் இந்த ஆற்றுக்கு, இத்தனை நாள் அந்த ஆற்றுக்கு என்று. வரைபடத்தில் மண்டலம் அப்படியே இருக்கும், தரையில் சுருங்கியிருக்கும். 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் மேட்டூரை ஜூன் 12-இல் திறக்க முடியவில்லை. அந்த ஆண்டுகளில் ஆழ்துளைக் கிணறு வைத்திருந்தவர்தான் நம்பிக்கையோடு குறுவை போட்டார். அதாவது ஆற்றோடு இருந்த தொடர்பு அறுந்து, மோட்டாரோடு வேறொரு தொடர்பு உண்டானது. மண்ணை வைத்துப் போட்ட கோடு ஒரு தலைமுறைக்குத் தாங்கும். தண்ணீரை வைத்துப் போட்டதை வருஷா வருஷம் சரிபார்க்க வேண்டும். கடைமடை வாய்க்காலில் எத்தனை நாள் தண்ணீர் ஓடியது என்று கேட்பதுதான் அந்தச் சரிபார்ப்பு.

வடக்கேயும் இந்தக் கணக்கு நீள்கிறது. கொள்ளிடத்தில் அணைக்கரையில் இருக்கும் கீழணை நீரைத் திருப்பி, வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு அனுப்புகிறது. அந்த ஏரியை நம்பியிருப்பதுதான் கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோவில் வட்டாரம். சட்டத்தில் அந்த ஒன்றியத்தின் பெயர் இருப்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. வீராணத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டு 2004 முதல் சென்னைக்கும் குடிநீர் போகிறது. அப்படியானால் சென்னையின் குழாயடியும் காவிரி டெல்டாதானா? விதண்டாவாதம் மாதிரித் தோன்றலாம், ஆனால் இந்த முறையின் பலவீனமே இதுதான். தொடர்பு எங்கேயும் சட்டென்று முடிவதில்லை. எந்தத் தொடர்பு, எவ்வளவு கனமான தொடர்பு என்று முதலிலேயே முடிவு செய்யாவிட்டால் மண்டலம் வீங்கிக்கொண்டே போகும்.

மூன்றாவது டெல்டா மனசுக்குள் இருப்பது. இதை அளக்க முடியுமா என்றால், முடியும். கையில் வரைபடம் கொடுத்து, உங்கள் கணக்கில் டெல்டா எதுவரை என்று பலரை வட்டம் போடச் சொல்லலாம். எல்லா வட்டங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், எல்லோரும் ஒப்புக்கொள்கிற நடுப்பகுதியும் ஆளுக்கு ஆள் மாறுகிற ஓரமும் தெரிந்துவிடும். ஆளைக் கேட்காமலே அளக்கவும் வழி இருக்கிறது. ஜான் ஷெல்டன் ரீட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், ‘தென்னாடு’ என்று அமெரிக்கர்கள் சொல்வது எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க டெலிபோன் டைரக்டரிகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். தென் மாநிலங்களின் செல்லப்பெயரான ‘டிக்ஸி’யில் தொடங்கும் கடைப் பெயர்களை ஊர் ஊராக எண்ணினார். 1976-இல் கட்டுரை வெளிவந்தது. அதில் எனக்குப் பிடித்த நுணுக்கம், எண்ணியதோடு அவர் நிற்கவில்லை என்பது. பெரிய ஊரில் எந்தப் பெயரும் அதிகமாகத்தான் இருக்கும். அதனால் ‘அமெரிக்கன்’ என்று தொடங்கும் பெயர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தார்.

நம் ஊரில் இதைச் செய்ய ஆசைப்படுகிறவர் கடைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டு பஸ்ஸில் போகலாம். ‘காவேரி’ பயன்படாது, அது ஓசூரிலும் இருக்கும், சென்னையிலும் இருக்கும். ‘சோழா’வும் அப்படித்தான். ‘டெல்டா’ என்று பெயர் வைத்த உரக்கடையும் டிராக்டர் ஷோரூமும் எங்கே தொடங்கி எங்கே நிற்கின்றன என்று குறித்துக்கொண்டு, அந்தந்த ஊரில் ‘தமிழ்நாடு’ என்று தொடங்கும் பெயர்களோடு ஒப்பிட்டால் ஏதாவது தெரியக்கூடும். ஆனால் மன மண்டலத்தைச் செய்திகளே மாற்றிவிடும் என்பதை மறக்கக் கூடாது. கஜாவுக்குப் பிறகு தொலைக்காட்சிகள் புதுக்கோட்டையையும் சேர்த்தே ‘டெல்டா மாவட்டங்கள்’ என்று சொல்லிச் சொல்லி, அந்தப் பெயருக்குள் அது பழகிவிட்டது. மறுபக்கம், முதியவர் பலருக்கு இன்னும் ‘தஞ்சாவூர் ஜில்லா’தான். 1991-இல் நாகப்பட்டினமும், 1997-இல் திருவாரூரும், 2020-இல் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களான பிறகும் அவர்கள் மனசில் ஜில்லா உடையவில்லை.

இனி அந்தச் சட்டத்தைத் திரும்பப் பார்த்தால், அது மூன்றையும் கலந்து எழுதப்பட்டிருப்பது தெரியும். தஞ்சை, திருவாரூர், நாகையை முழுசாகச் சேர்த்தது பழைய ஜில்லா என்கிற மனக்கணக்கு. அதனால் வேதாரண்யம் உப்பளமும் உள்ளே வந்துவிட்டது. புதுக்கோட்டையில் அறந்தாங்கி, கறம்பக்குடி, மணமேல்குடி என்று ஒன்றியம் ஒன்றியமாகப் பொறுக்கிய இடத்தில் மாவட்டச் சராசரியை நம்பவில்லை. அங்கே புது ஆற்றின் சாயல் இருக்கிறது. வண்டலையும் தண்ணீரையும் மட்டும் கேட்டிருந்தால், கொள்ளிடத்தின் வடகரையை ஒட்டிய அரியலூர் மாவட்டத் திருமானூர்ப் பக்கத்தை ஒதுக்கிவிடுவது சுலபமாக இருந்திருக்காது. கரூரை ஒதுக்குவதற்குப் புவியியலில் ஓரளவு நியாயம் சொல்லலாம். அங்கே காவிரி இன்னும் ஒரே ஆறுதான், கிளையாகப் பிரியவில்லை. திருச்சி நடுவில் மாட்டிக்கொள்கிறது. முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிந்து ஸ்ரீரங்கத்தைச் சுற்றிக்கொண்டு கல்லணைக்கு அருகே மறுபடி நெருங்கி வருவதால், டெல்டாவின் தலை முக்கொம்பா கல்லணையா என்று இரண்டு பக்கமும் வாதாடலாம்.

புதிதாக ஹைட்ரோகார்பன் கிணறு தோண்டலாமா, தோல் தொழிற்சாலை வரலாமா என்பதெல்லாம் இந்தக் கோட்டைப் பொறுத்தது என்பதால் அந்த வாதத்துக்குப் பண மதிப்பு உண்டு. கோட்டுக்குள் வரவே முடியாத ஓர் இடமும் இருக்கிறது. காரைக்காலில் மண் வண்டல். அரசலாறு அதன் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. காவிரித் தீர்ப்பில் புதுச்சேரிக்கென்று ஒதுக்கிய 7 டி.எம்.சி. தண்ணீர் காரைக்கால் வயல்களுக்குத்தான். டெல்டா விவசாயி என்று சொல்லிக்கொள்ள அங்கே யாரும் தயங்குவதில்லை. மூன்று வழியில் பார்த்தாலும் தேறுகிற ஊர். ஆனால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் இருப்பதால், தமிழ்நாடு போட்ட சட்டம் அதன் எல்லைக்கல்லோடு நின்றுவிடுகிறது.