‘சர்வர் டீடெயில்ஸ் அனுப்புங்க சார்’

தனியாகத் தொழில் செய்யும் டெவலப்பர்கள் வாடிக்கையாளருக்கு அனுப்பும் இந்த ஒற்றை வரிக்குப் பெரும்பாலும் இரண்டே விதமான பதில்தான் வரும். ஒன்று, “என்ன டீடெயில்ஸ் தம்பி?” இன்னொன்று, எல்லா பாஸ்வேர்டுகளையும் எழுதிவைத்த டைரிப் பக்கத்தின் வாட்ஸ்அப் போட்டோ. முதல் பதிலால் ஒரு நாள் வீணாகும். இரண்டாவது அதைவிட மோசம்.

எப்படிக் கேட்டிருக்க வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம் பார்ப்போம். திருப்பூரில் பனியன் மொத்த வியாபாரி ஒருவர். ஆர்டர் எடுக்க ஒரு வெப்சைட் வைத்திருக்கிறார். அதைக் கட்டிக் கொடுத்தவர் வேறு வேலைக்குப் போய்விட, கோவையில் ஒரு டெவலப்பரிடம் பொறுப்பு வருகிறது. புதிய கோடை சர்வரில் ஏற்றும் வேலையை, அதாவது டிப்ளாய்மென்ட்டை, பழையவர் தானாக நடக்கும்படி அமைத்துவிட்டுப் போயிருக்கிறார். இவர் புது விலைப்பட்டியலை ஏற்றுகிறார், பாதியில் நின்றுவிடுகிறது. பதிவின் கடைசி வரி இது:

```
No space left on device
```

டிஸ்க்கில் இடமில்லை என்று அர்த்தம். வியாபாரியிடம் சொன்னால், “25 ஜிபி வாங்கினேன், பாதி காலின்னு ஹோஸ்டிங் பக்கத்துல காட்டுதே” என்கிறார். அவர் சொல்வது பொய்யில்லை. சர்வர் சொல்வதும் பொய்யில்லை. இந்த இடத்தில்தான் டெவலப்பர் ஒரு கடிதம் எழுதுகிறார்.

“வணக்கம் சார். புது விலைப்பட்டியல் ஏறாததற்குக் காரணம் கோடில் இல்லை, சர்வரில் இருப்பதாகத் தெரிகிறது. உறுதி செய்ய மூன்று விஷயங்கள் வேண்டும். முதலாவது, ஹோஸ்டிங் பக்கத்தில் ‘கன்சோல்’ என்று இருக்கும். அதைத் திறந்து கீழே உள்ள மூன்று வரிகளை அடித்து, வருவதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இவை எதையும் மாற்றாது, அழிக்காது. இரண்டாவது, சர்வர் ஒன்றுதானா, சோதனைக்கு இன்னொன்று இருக்கிறதா? மூன்றாவது, கடைசியாக எடுத்த பேக்கப் எந்தத் தேதியுடையது, அதை யாராவது திறந்து பார்த்திருக்கிறார்களா? பாஸ்வேர்டு எதையும் இப்போது அனுப்ப வேண்டாம். வாடிக்கையாளர்கள் ஏதாவது குறை சொன்னார்களா என்பதையும் எழுதுங்கள்.”

```
hostname
df -h /
df -i /
```

சர்வரை முதலில் அமைத்துக்கொடுத்த அண்ணன் மகன் அன்று மாலையே போட்டோ அனுப்பிவிட்டான். பாஸ்வேர்டு கேட்காத கடிதத்துக்குப் பதில் சீக்கிரம் வரும். யோசிக்க எதுவும் இல்லையே. `hostname` சர்வரின் பெயரைச் சொன்னது. `df -h` பாதி டிஸ்க் காலி என்றது. மூன்றாவது வரிக்கு வந்த பதில்தான் குட்டை உடைத்தது:

```
Filesystem  Inodes  IUsed   IFree IUse% Mounted on
/dev/vda1   1638400 1638400 0     100%  /
```

லினக்ஸ் சர்வரில் ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு என்று ஒரு பதிவு தேவை. கோப்பு யாருடையது, எவ்வளவு பெரியது, டிஸ்க்கில் எங்கே கிடக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். பரவலாகப் பயன்படும் எக்ஸ்ட்4 அமைப்பில், டிஸ்க்கைத் தயார்செய்யும்போதே எத்தனை ஐநோடு என்பது முடிவாகிவிடுகிறது. வழக்கமாக 16 கேபி-க்கு ஒன்று. 25 ஜிபி டிஸ்க்குக்கு ஏறத்தாழ 16 லட்சம். குடோன் பாதி காலியாக இருந்தாலும் ஸ்டாக் பேரேட்டில் எழுத வரி தீர்ந்துபோனால் புது மூட்டை உள்ளே வராது, அந்தக் கதைதான். ஹோஸ்டிங் பக்கம் குடோனை மட்டும் காட்டுகிறது.

பேரேட்டை நிரப்பியது யார்? ஒவ்வொரு முறை கோடு ஏறும்போதும் ஒரு புது ஃபோல்டர் உருவாகிறது. அதற்குள் `node_modules` என்று ஒன்று. சுமார் 40,000 பொடிக் கோப்புகள். முந்தையதற்குத் திரும்ப வேண்டியிருக்கலாம் என்று பழைய ஃபோல்டர்களை வைத்திருப்பது நல்ல பழக்கம். ஆனால், அழிக்கும் வரியை யாரும் எழுதவில்லை. 30 ஃபோல்டர் சேர்ந்தால் 12 லட்சம் கோப்பு. மீதியை இயங்குதளமும், சைட்டுக்கு வருகிறவர்களுக்காகத் தலைக்கு ஒன்றாக உருவாகும் செஷன் கோப்புகளும் பங்குபோட்டுக்கொண்டன. வியாபாரி பதிலில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியும் இத்துடன் பொருந்தியது: “பழைய பார்ட்டிகளுக்குச் சரியா இருக்கு, புதுசா வர்றவங்களுக்கு எரர்னு சொல்றாங்க.” ஏற்கெனவே செஷன் கோப்பு உள்ளவர்களுக்கு வேலை நடக்கிறது, புதியவர்களுக்குக் கோப்பு உருவாக இடமில்லை.

சர்வர் பெயரையும் பேக்கப்பையும் ஏன் கேட்க வேண்டும் என்று தோன்றலாம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைப் படித்தவர்கள் கேட்காமல் இருக்க மாட்டார்கள். கோளாறு ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர், `db2` என்ற சர்வரில் இருப்பதாக நினைத்து `db1`-இல் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபி அளவே மிஞ்சியது. பேக்கப்பைத் தேடினால் அது காலி. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கும் கருவியோ 9.2, பதிப்பு ஒத்துப்போகாமல் அது பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது, யாருக்கும் தெரியவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்திருந்த ஒரு நகல்தான் கைகொடுத்தது. நிறுவனம் இதையெல்லாம் மறைக்காமல் வெளியிட்டது. “பேக்கப் இருக்கு” என்ற பதிலோடு திருப்தியடையாமல் திறந்து பார்த்தீர்களா என்று கேட்பது இதனால்தான்.

நம் வியாபாரியிடம் பேக்கப்பே இல்லை. ஆகவே இரண்டாவது கடிதத்தின் முதல் வேண்டுகோள், ஹோஸ்டிங் பக்கத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தி முழு சர்வருக்கும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள் என்பது. அது சர்வருக்கு வெளியே சேமிக்கப்படுவதால் ஐநோடு தீர்ந்திருப்பது தடையில்லை. அடுத்துதான் நுழைவு அனுமதி:

“என் பெயரில் தனி லாகின் ஒன்று உருவாக்கி, கீழே உள்ள ஒரே வரியை அதில் சேர்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அந்த வரியை எடுத்துவிடலாம்.”

`ssh-ed25519` என்று தொடங்கும் அந்த வரி, டெவலப்பரின் பொதுச்சாவி. இதற்கு ஜோடியான ரகசியச்சாவி அவர் கணினியை விட்டு நகர்வதில்லை. பொதுச்சாவியை ஊரே பார்த்தாலும் அதை வைத்து யாரும் உள்ளே போக முடியாது. டைரிப் பக்கத்துப் போட்டோவின் கதை வேறு. அது இரண்டு போனிலும் வாட்ஸ்அப் பேக்கப்பிலும் கிடக்கும். ஒருவரை மட்டும் வெளியேற்ற வழியில்லை, பாஸ்வேர்டையே மாற்ற வேண்டும். எல்லோரும் ரூட்டாக நுழைந்தால் யார் எதைச் செய்தார்கள் என்பதும் பதிவில் தெரியாது.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. அண்ணன் மகன் புது லாகின் உருவாக்கப் போனபோது அதே பிழை வந்தது. புது லாகினுக்குப் புது ஃபோல்டர் வேண்டும், அதற்கும் ஐநோடு வேண்டும்! ஆகவே டெவலப்பர் போனில் ஃபோல்டர் பெயர்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, `current` என்ற இணைப்பு எதைச் சுட்டுகிறது என்று உறுதிசெய்த பிறகு, ஆகப் பழைய ஒன்றை மட்டும் அழிக்கவைத்தார். 40,000 ஐநோடு திரும்பி வந்தது, லாகின் உருவானது.

உள்ளே போன பிறகு வேலை சிறியதுதான். கடைசி ஐந்து ஃபோல்டர் போக மற்றவை அழிக்கப்பட்டன. பத்து லட்சம் அளவுக்கு ஐநோடு விடுதலையானது. ஐந்துக்கு மேல் சேரவிடாத வரியும், காலாவதியான செஷன் கோப்புகளை தினமும் துடைக்கும் வேலையும் சேர்க்கப்பட்டன. புது விலைப்பட்டியல் ஏறியது.

தனி சர்வர் இல்லாமல் பலரோடு பகிரும் ஹோஸ்டிங்கில் இந்தக் கட்டளைகளை அடிக்கவே பல இடங்களில் அனுமதி கிடைக்காது. அங்கேயும் கோப்பு எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பார்கள். அப்படிப்பட்ட வாடிக்கையாளரிடம், கன்ட்ரோல் பேனலில் கோப்பு எண்ணிக்கை தெரியும் இடத்தின் ஸ்கிரீன்ஷாட்டைக் கேட்டாலே பாதி விடை கைக்கு வந்துவிடும்.